பத்து டெசிபல் உண்மையில் பத்துதானா?

ஸ்பெக்ட்ரம் அனலைசரின் திரையில் ஒரு சிக்னலின் உச்சியில் மார்க்கரை வைத்தால் இரண்டு எண்கள் கிடைக்கும். ஒன்று அந்தச் சிக்னலின் அதிர்வெண், மற்றது அதன் வலிமை. அதிர்வெண்ணைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. உள்ளே இருக்கும் குவார்ட்ஸ் ஆசிலேட்டர் அதைப் பல இலக்கம்வரை சரியாகவே பார்த்துக்கொள்ளும். வலிமையின் கதை வேறு. திரை இரண்டு தசம இடம்வரை காட்டும். ஆனால் முதல் தசம இடத்தையே எந்த அளவு நம்பலாம் என்பது சோதித்துப் பார்த்தால்தான் தெரியும்.

வலிமையை டெசிபலில் சொல்வார்கள். சக்தி பத்து மடங்கானால் 10 டெசிபல் கூடும், இரண்டு மடங்கானால் ஏறத்தாழ 3 டெசிபல் கூடும். ஒரு மில்லிவாட்டை 0 டிபிஎம் என்று வைத்து அங்கிருந்து மேலும் கீழும் எண்ணுவது வழக்கம். சிறியதாகத் தோன்றும் டெசிபல் எண்ணை எளிதில் அலட்சியப்படுத்திவிடுகிறோம். 0.1 டெசிபல் என்பது சக்தியில் இரண்டே கால் சதவீத மாற்றம், 0.6 டெசிபல் என்பது பதினைந்து சதவீதம், 1 டெசிபல் இருபத்தாறு சதவீதம். டிரான்ஸ்மிட்டரிலிருந்து வழியும் தேவையற்ற அலை அனுமதித்த எல்லைக்கு அரை டெசிபல் கீழே இருக்கிறது என்று ஒரு சோதனைக்கூடம் எழுதிக்கொடுத்தால், அந்த அரை டெசிபலைக் கருவி சரியாகத்தான் சொன்னதா என்பதுதான் முழு வழக்கும்.

கருவிக்குள் சிக்னல் போகும் வழியில் முதல் பெரிய நிறுத்தம் அட்டென்யுவேட்டர். வரும் சிக்னலை வேண்டிய அளவு குறைத்து உள்ளே விடும் பகுதி இது. இதற்குப் பின்னால் இருக்கும் மிக்ஸர் மென்மையானது. வலுவான சிக்னல் நேரடியாகப் போனால் அது திணறி, இல்லாத சிக்னல்களைத் தானே உருவாக்கும். இன்னும் வலுவாகப் போனால் எரிந்துவிடும். பல மேசைக் கருவிகளில் அட்டென்யுவேட்டர் 0 முதல் 70 டெசிபல் வரை பத்துப் பத்தாக மாறும். உள்ளே 10, 20, 40 என மூன்று தடைப் பகுதிகள்தான் இருக்கும். ஒவ்வொன்றையும் வழியில் சேர்க்கவோ ஒதுக்கவோ ஒரு ரிலே உண்டு. 30 வேண்டுமென்றால் 10-ம் 20-ம் சேரும், 70 வேண்டுமென்றால் மூன்றும் சேரும். அமைப்பை மாற்றும்போது ‘டக்’கென்று கேட்பது இந்த ரிலேக்களின் சத்தம்தான்.

கவனிக்க வேண்டிய இடம் இது. அட்டென்யுவேட்டரை 10-லிருந்து 20-க்கு மாற்றுங்கள். சிக்னல் உள்ளே பத்து டெசிபல் குறைந்துவிட்டது. ஆனால் திரையில் அது அசையாது. தளத்தில் கிடக்கும் இரைச்சல் மட்டும் பத்து டெசிபல் மேலே வரும். காரணம், தான் குறைத்ததைக் கருவியே கணக்கில் கூட்டிக் காட்டுகிறது. அப்படிக் கூட்டும்போது அது பத்தைத்தான் கூட்டுகிறது. அந்தத் தடைப் பகுதி உண்மையில் 10.6 டெசிபல் குறைத்திருந்தாலும், கருவிக்குத் தெரிந்தது பத்து மட்டுமே. வித்தியாசம் அப்படியே உங்கள் அளவீட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும். இதனால்தான் தயாரிப்பாளர்கள் விவரக் குறிப்பில் அட்டென்யுவேட்டர் மாற்றத்தின் நிச்சயமின்மையைத் தனி வரியாகத் தருகிறார்கள். அதையும் 10 டெசிபல் அமைப்போடு ஒப்பிட்டே தருகிறார்கள்.

இதைச் சோதிக்க முதலில் நம்பகமான ஒரு சிக்னல் வேண்டும். நல்ல சிக்னல் ஜெனரேட்டர் இருக்கிறதே, அதில் 0 டிபிஎம் என்று வைத்தால் போதாதா என்று தோன்றும். போதாது. ஜெனரேட்டரின் சொந்த அளவே அரை டெசிபல் முதல் ஒரு டெசிபல் வரை தள்ளி இருக்கலாம் என்று அதன் விவரக் குறிப்பே சொல்லும். சோதிக்கப்படும் கருவியைவிடச் சோதிக்கும் சிக்னல் சில மடங்காவது துல்லியமாக இருக்க வேண்டும்.

அப்படிப்பட்ட ஒன்று பெரும்பாலான ரேடியோ அலைக் கூடங்களில் ஏற்கெனவே இருக்கிறது. தெர்மோகப்பிள், டையோடு வகை சென்சார்களோடு வரும் பவர் மீட்டர்களின் முகப்பில் 50 மெகாஹெர்ட்ஸ், 1 மில்லிவாட் தரும் ஒரு இணைப்பு உண்டு. சென்சாரைச் சரிபார்க்க வைத்தது அது. பழைய, நன்கு அறியப்பட்ட பவர் மீட்டர்களில் அதன் பிழை ஓராண்டுக்கு 1.2 சதவீதத்துக்குள் என்று உறுதி தந்திருப்பார்கள். டெசிபலில் அது 0.05 மட்டுமே. அந்த ஒரு மில்லிவாட்டின் மதிப்பு எங்கிருந்து வருகிறது என்று பின்னோக்கிப் போனால், இந்தியாவில் புதுடெல்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் வைத்திருக்கும் தேசியத் தரத்தில் போய் நிற்கும். அந்தத் தரத்தின் அடியில் இருக்கும் யோசனை எனக்கு மிகவும் பிடித்தமானது. ஒரு தெர்மிஸ்டரை நேர்மின்னோட்டத்தால் சூடாக்கி, அதன் மின்தடையை ஒரு மதிப்பில் நிறுத்துகிறார்கள். பிறகு ரேடியோ அலையை உள்ளே விடுகிறார்கள். அலையும் சூடாக்கும் என்பதால், அதே மின்தடை நிலைக்க நேர்மின்னோட்டத்தைக் குறைக்க வேண்டியிருக்கும். குறைத்த நேர்மின் சக்தி எவ்வளவோ, அவ்வளவுதான் அலையின் சக்தி. அளக்கக் கடினமான ஒன்றை, மிக நன்றாக அளக்கத் தெரிந்த ஒன்றாக மாற்றிவிட்டார்கள்.

இனி முதல் சோதனை. அனலைசரை இயக்கி அரை மணி நேரமாவது சூடேற விட்டு, அதன் உள் அளவுத்திருத்தத்தை ஓட்டிவிட்டு, அட்டென்யுவேட்டரை 10 டெசிபலில் கைமுறையாக நிறுத்த வேண்டும். தானியங்கி நிலையில் விட்டால், ரெஃபரன்ஸ் லெவலை நகர்த்தும்போது நமக்குத் தெரியாமலே அட்டென்யுவேட்டர் மாறும். பவர் மீட்டரின் ஒரு மில்லிவாட் இணைப்புக்கும் அனலைசருக்கும் நடுவே, சான்றிதழ் உள்ள ஒரு 10 டெசிபல் பேடை வைக்கிறோம். நிலையான தடைகளால் ஆன சிறு உருளை அது. சான்றிதழில் அதன் உண்மையான மதிப்பு 9.97 டெசிபல் என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அனலைசருக்குள் போவது −9.97 டிபிஎம். திரை −9.85 காட்டுகிறது. கருவி 0.12 டெசிபல் கூடுதலாகக் காட்டுகிறது.

இந்த 0.12 எவ்வளவு நம்பகமானது? ஒரு மில்லிவாட்டின் பிழையும் பேடின் பிழையும் சேர்ந்தே சிறியவைதான். பெரிய பங்கு வேறொன்றுக்கு. கேபிளின் முடிவில் மின்மறுப்பு சரியாக 50 ஓமாக இல்லாவிட்டால் அலையின் ஒரு பகுதி திரும்பிப் போகும். சிக்னல் தரும் பக்கமும் சரியான 50 ஓம் இல்லையென்றால், திரும்பிய அலையில் ஒரு பகுதி மறுபடி முன்னோக்கி வரும். அது முதல் அலையோடு கூடுமா கழியுமா என்பது கேபிளின் நீளத்தையும் அதிர்வெண்ணையும் பொறுத்தது. இரு பக்கமும் ஐந்தில் ஒரு பங்கு அலைவீச்சைத் திருப்பியனுப்பினால், அளவீடு மேலும் கீழும் 0.35 டெசிபல் தள்ளிப்போக இடமுண்டு. ஒரு மில்லிவாட்டைத் துல்லியமாக வைத்திருந்த உழைப்பையெல்லாம் இந்த ஒரு விஷயம் விழுங்கிவிடும். நல்ல பேடை அனலைசரின் வாயிலேயே, நடுவே கேபிள் இல்லாமல் பொருத்தினால் இந்தத் தள்ளாட்டம் 0.1 டெசிபலுக்குள் அடங்கும். பேடை வைத்ததற்கு அதுவே முதல் காரணம்.

அனலைசரின் சொந்த அட்டென்யுவேட்டரும் இதே உதவியைச் செய்கிறது. மிக்ஸர் வரை போய்த் திரும்பும் அலை, 10 டெசிபல் தடையைப் போகும்போது ஒருமுறையும் வரும்போது ஒருமுறையும் கடக்க வேண்டும். அதனால் திரும்பும் அலைவீச்சு பத்தில் ஒன்றாகச் சுருங்கிவிடும். அட்டென்யுவேட்டரை 0-வில் வைத்தால் இந்தப் பாதுகாப்பு போய்விடும். தயாரிப்பாளர்கள் 10 டெசிபலை அடிப்படை அமைப்பாக எடுத்துக்கொள்வதில் இதற்கும் பங்குண்டு. எல்லாப் பங்குகளையும் அவற்றின் இயல்புக்கேற்ப எடையிட்டு, வர்க்கங்களைக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, வழக்கமான 95 சதவீத நம்பிக்கைக்காக இரண்டால் பெருக்கினால், நம் எடுத்துக்காட்டில் நிச்சயமின்மை ஏறத்தாழ 0.15 டெசிபல் வரும். ஆக, கருவியின் பிழை +0.12, அதைச் சுற்றி 0.15. கருவிக்கு 0.3 டெசிபல் வரை அனுமதி இருந்தால் இது தேர்ச்சி.

பல இடங்களில் சோதனை இத்தோடு முடிந்துவிடுகிறது. அதுதான் என் வருத்தம். இதுவரை நாம் சோதித்தது ஒரே ஒரு அட்டென்யுவேட்டர் நிலையை. மற்ற ஏழு நிலைகளைத் தொடவே இல்லை.

அட்டென்யுவேட்டரைச் சோதிக்க, சிக்னலை அப்படியே விட்டுவிட்டு 10, 20, 30 என்று மாற்றி, மார்க்கர் அசைகிறதா என்று பார்த்தால் என்ன? விரைவாகப் பார்க்க அது நல்ல வழிதான். ஆனால் பழைய அனலாக் கருவிகளில் அது இரண்டு பிழைகளைக் கலந்துவிடும். முன்னால் பத்து டெசிபல் குறைத்ததை ஈடுகட்ட, பின்னால் இருக்கும் இடைநிலைப் பெருக்கி பத்து டெசிபல் கூட்டுகிறது. மார்க்கர் 0.4 டெசிபல் நகர்ந்தால், குற்றம் முன்னாலா பின்னாலா என்று சொல்ல முடியாது. முன்னால் இருக்கும் பிழையைப் பின்னால் இருக்கும் பிழை தற்செயலாக ஈடுகட்டி, மார்க்கர் அசையாமலே நிற்கவும் கூடும்.

சரியான வழி, மொத்தத்தை மாற்றாமல் வைத்திருப்பது. சிக்னல் ஜெனரேட்டரை 50 மெகாஹெர்ட்ஸில் +10 டிபிஎம்முக்கு வைக்கிறோம். அதற்கும் அனலைசருக்கும் நடுவே, ஒவ்வொரு படியும் அளந்து சான்றளித்த ஒரு வெளி அட்டென்யுவேட்டர். அதன் இரு முனையிலும் நல்ல பேட் இருந்தால் பொருத்தக் கவலையும் குறையும். இனி கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று, அந்தப் பேட்களின் இழப்பையும் சான்றிதழில் உள்ள சிறு திருத்தங்களையும் ஏற்கெனவே கழித்துவிட்டதாகக் கொள்கிறேன். உள்ளே 10 இருக்கும்போது வெளியே 60. உள்ளே 20 ஆக்கும்போது வெளியே 50. இப்படி உள்ளே 70, வெளியே 0 வரை போகிறோம். கூட்டுத்தொகை எப்போதும் 70. மிக்ஸருக்குப் போவது எப்போதும் −60 டிபிஎம். ரெஃபரன்ஸ் லெவலையும் ஒவ்வொரு படியிலும் பத்து உயர்த்தினால் இடைநிலைப் பெருக்கி இருந்த நிலையிலேயே இருக்கும், சிக்னலும் திரையில் ஒரே உயரத்தில் நிற்கும். மிக்ஸரின் வளைவு, பெருக்கியின் பிழை, திரை அளவுகோலின் பிழை எதுவும் இப்போது உள்ளே வராது. மாறுவது இரண்டு அட்டென்யுவேட்டர்கள் மட்டும். அவற்றில் ஒன்றை நமக்குத் தெரியும். இதில் ஜெனரேட்டரின் எண் துல்லியமாக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. அரை மணி நேரம் அசையாமல் நின்றால் போதும்.

இப்போது ஒரு கருவியை இப்படிச் சோதிப்பதாக வைத்து, கிடைக்கும் எண்களைப் பார்ப்போம். உள்ளே 10 இருக்கும்போது வந்த அளவை அடிப்படையாக எடுத்துக்கொள்கிறோம். 20-ல் கருவி 0.59 டெசிபல் கூடுதலாகக் காட்டுகிறது. 30-ல் பிழை −0.02, அதாவது ஒன்றுமில்லை. 40-ல் +0.61. 50-ல் +0.01. 60-ல் +0.58. 70-ல் −0.02.

முதல் பார்வையில் 20, 40 ஆகிய இரு பகுதிகளும் கெட்டுவிட்டன, 10 மட்டும் நன்றாக இருக்கிறது என்றே தோன்றும். 20, 40, 60 நிலைகளில்தானே பிழை. ஆனால் அப்படியானால் 30 எப்படிச் சரியாக வந்தது? அதிலும் 20 பகுதி இருக்கிறதே. 60-ல் 20-ம் 40-ம் இரண்டும் சேருகின்றன. இரண்டும் 0.6 பிழை உள்ளவை என்றால் அங்கே 1.2 அல்லவா வர வேண்டும்? கணக்கு இடிக்கிறது.

எந்தெந்த நிலைகளில் 10 பகுதி இருக்கிறது என்று பாருங்கள். 10, 30, 50, 70. இவை எல்லாம் சரி. 10 பகுதி இல்லாத 20, 40, 60 எல்லாம் ஒரே அளவில், ஒரே திசையில் தவறு. கெட்டுப்போனது 10 பகுதிதான். அது 10 டெசிபலுக்குப் பதில் 10.6 டெசிபல் குறைக்கிறது. கருவியின் உள் அளவுத்திருத்தம் 10 டெசிபல் நிலையில்தான் நடக்கிறது. அங்கே சிக்னல் 0.6 குறைவாக வருவதைப் பார்த்த கருவி, காரணம் எதுவென்று அறியாமல், தன் மொத்தக் கணக்கிலேயே 0.6-ஐக் கூட்டி வைத்துவிட்டது. அதனால் கெட்ட பகுதி வழியில் இருக்கும்போதெல்லாம் அளவு சரி. அது விலகும்போதெல்லாம், கூட்டி வைத்த 0.6 பிழையாக வெளியே தெரிகிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்தக் கருவியை 50 மெகாஹெர்ட்ஸ் ஒரு மில்லிவாட்டைக் கொண்டு 10 டெசிபல் நிலையில் சோதித்தால், அது முன்பு பார்த்தது போலவே நல்லபடியாகத் தேறிவிடும். எவ்வளவு துல்லியமான மூலத்தைக் கொண்டுவந்தாலும் அந்த நிலையில் இந்தப் பழுது தெரியவே தெரியாது.

சந்தேகத்தை உறுதிப்படுத்த இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, அட்டென்யுவேட்டரை 0-வில் வைத்துப் பார்ப்பது. வாயில் ஒரு நல்ல 10 டெசிபல் பேடையும் பொருத்தி, மிக்ஸரை அதிகம் அழுத்தாத சிக்னலைக் கொடுத்தால், அங்கும் +0.6-ஐ ஒட்டிய பிழை வர வேண்டும். மற்றொன்று, அட்டென்யுவேட்டரைக் கழற்றி, 10 பகுதியை மட்டும் வழியில் சேர்த்து, மறுமுனையைத் திறந்து விட்டு, ஓம்மீட்டரில் தடையை அளப்பது. 50 ஓமுக்கான 10 டெசிபல் தடை, எந்த வடிவில் கட்டப்பட்டிருந்தாலும், நல்ல நிலையில் 61.1 ஓம் காட்டும். நடுவே தொடராக இருக்கும் 71 ஓம் தடை சூட்டில் 81 ஓமாக ஏறியிருந்தால் இழப்பு சரியாக 10.6 டெசிபல் ஆகும், ஓம்மீட்டர் 62.4 காட்டும். வித்தியாசம் ஒன்றே கால் ஓம்தான் என்பதால், மீட்டரின் முனைக் கம்பிகளின் தடையைக் கழித்துவிட்டு அளக்க வேண்டும்.

இது எப்படி நேர்கிறது? பெரும்பாலும் யாரோ ஒருவர் டிரான்ஸ்மிட்டரின் வெளியீட்டை வெளி பேட் இல்லாமல் நேராக அனலைசரில் கொடுத்திருப்பார். பல கருவிகளின் வாயில் +30 டிபிஎம், அதாவது ஒரு வாட்டுக்கு மேல் கூடாது என்று அச்சிட்டிருக்கும். அட்டென்யுவேட்டர் வழியில் இருந்தால் மிக்ஸர் தப்பிவிடும், ஆனால் அந்தச் சூட்டைத் தடை வாங்கிக்கொள்ளும். முழுதாக எரிந்தால் உடனே தெரிந்துவிடும். பாதி சுட்டு மதிப்பு மட்டும் நகர்ந்திருந்தால், கருவி எப்போதும் போல வேலை செய்துகொண்டே இருக்கும்.

நிலையை மாற்றும்போது அளவு நகர்ந்தால் எல்லாமே அட்டென்யுவேட்டரின் குற்றம் என்றும் முடிவுகட்டக் கூடாது. மிக்ஸர் திணறினாலும் அளவு நகரும். குறைந்த தடையில் சிக்னல் அமுங்கிக் குறைவாகத் தெரியும், தடையைக் கூட்டினால் ஏறும். பிரித்தறிய, சிக்னலையே பத்து டெசிபல் குறைத்து அதே சோதனையைத் திரும்பச் செய்தால் போதும். வித்தியாசம் மறைந்தால் அது திணறல். அப்படியே நின்றால் அட்டென்யுவேட்டர். எதிர்ப்பக்கத்தில், தடையை மிக அதிகமாக வைத்தால் இரைச்சல் உயர்ந்து சிக்னலோடு சேர்ந்துகொள்ளும். சிக்னல் இரைச்சலைவிட இருபது டெசிபல் மேலே இருக்கும்வரை அதன் பாதிப்பு சில நூறில் ஒரு பங்கு டெசிபல்தான். மூன்றாவது சந்தேகம் ரிலே முனைகள். ஒரே நிலைக்குப் போய்ப் போய்த் திரும்பும்போது, ஒவ்வொரு தடவையும் வேறு எண் வந்தால் முனைகள் தேய்ந்துவிட்டன அல்லது அழுக்கேறிவிட்டன. அப்படிப்பட்ட கருவிக்குத் திருத்தக் கணக்கு எழுதிப் பயனில்லை. திரும்பத் திரும்ப ஒரே எண்ணைத் தராத பிழையைக் கழிக்க வழி கிடையாது.

நம் எடுத்துக்காட்டில் பிழை நிலையானது. அதனால் அட்டென்யுவேட்டரை மாற்றும்வரை 20 டெசிபல் நிலையில் எடுத்த அளவிலிருந்து 0.59-ஐக் கழித்து வேலையைத் தொடரலாம். அடிப்படை நிலையின் +0.12-ஐயும் அதோடு கழிக்க வேண்டும். நிச்சயமின்மை 0.15-லிருந்து சற்றுக் கூடும், ஏனென்றால் வெளி அட்டென்யுவேட்டரின் சான்றிதழிலும் ஒரு சிறு ஐயம் இருக்கிறது. இதையெல்லாம் செய்ய வசதி இல்லாதவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. இரண்டு சிக்னல்களின் வித்தியாசம்தான் வேண்டும் என்றால், உதாரணமாக ஒரு டிரான்ஸ்மிட்டரின் முதன்மை அலையைவிட அதன் இரண்டாம் ஹார்மானிக் எவ்வளவு கீழே இருக்கிறது என்றால், இரண்டையும் ஒரே அட்டென்யுவேட்டர் நிலையில் அளந்துவிடுங்கள். இரண்டிலும் பொதுவாக இருக்கும் பிழை வித்தியாசத்தில் விழுந்துவிடும். ஹார்மானிக் சரியாகத் தெரியவில்லையே என்று நடுவில் தடையைக் குறைத்தால், மாற்றத்தின் பிழை முழுதாக உள்ளே வந்துவிடும்.

ஹார்மானிக் வேறு அதிர்வெண்ணில் இருப்பதால் இதற்கும் ஒரு வரம்பு உண்டு. 50 மெகாஹெர்ட்ஸில் ஒரு தடைப் பகுதியின் இழப்பை நிர்ணயிப்பது ஏறத்தாழ அதன் தடைகள் மட்டுமே. சில கிகாஹெர்ட்ஸ் போனால் ரிலே முனையின் நீளம், இணைப்பின் வளைவு, உலோகத் தகடுகளுக்கு நடுவிலான இடைவெளி எல்லாம் கணக்கில் சேரும். 50 மெகாஹெர்ட்ஸில் 0.02 டெசிபல் பிழை காட்டிய அதே பகுதி, 6 கிகாஹெர்ட்ஸில் அதைப்போல் பல மடங்கு தள்ளியிருக்கலாம். அங்கே பவர் மீட்டரின் ஒரு மில்லிவாட் நேரடியாக உதவாது. ஜெனரேட்டரின் வெளியீட்டைப் பவர் ஸ்பிளிட்டரால் இரண்டாகப் பிரித்து, ஒரு கிளையில் பவர் சென்சார், மறு கிளையில் அனலைசர் என்று வைத்து, சென்சாரின் அந்த அதிர்வெண்ணுக்கான திருத்தக் காரணியோடு அளக்க வேண்டும். ஆகவே அளவுத்திருத்தச் சான்றிதழ் கைக்கு வந்ததும், முதல் பக்கத்துத் தேர்ச்சி முத்திரையைத் தாண்டி, உள்ளே அட்டென்யுவேட்டர் அட்டவணை இருக்கிறதா, அது எந்தெந்த அதிர்வெண்களில் எடுத்தது, நீங்கள் அன்றாடம் பயன்படுத்தும் நிலை அதில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். 10 டெசிபலுக்கு ஒரே ஒரு வரி மட்டும் இருந்தால், மற்ற நிலைகளையும் அளந்து தரும்படி அடுத்த முறை கருவியை அனுப்பும்போதே எழுதிக் கேட்க வேண்டும்.